ரொக்கப் புத்தகம் இடிக்கிறதா? 9-ஆல் வகுத்துப் பாருங்கள்

நாள் முடிந்ததும் முதலில் கல்லாப்பணத்தை எண்ணித் தாளில் குறித்துவிடுங்கள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு எண்ணினால் மனசு அந்தத் தொகைக்கே இழுக்கும். அப்புறம் கணக்கு: ஆரம்ப இருப்பு 500, வரவு 2,350, செலவு 800, ஆக இருக்க வேண்டியது 2,050. எண்ணியதோ 1,960, அதாவது 90 குறைகிறது. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், ஏதோ ஒரு தொகையில் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ரசீதுகளோடு வரி வரியாக ஒப்பிடும்போது, 450 வரவு 540 என்று பதிவாகியிருப்பது சிக்கும். அதை ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியான தொகையை எழுதிக் கையொப்பமிடுங்கள் (வெள்ளை மை வேண்டவே வேண்டாம்). சிக்கவில்லையா? வித்தியாசத்தில் பாதியைத் தேடுங்கள்: 45 செலவை வரவுப் பக்கம் எழுதியிருந்தாலும் இதே 90 குறையும். அதுவும் இல்லையென்றால் ‘பணக் குறைவு 90’ என்றே பதியுங்கள், கைக்காசு போட்டுச் சரிக்கட்டாதீர்கள்.