வட்டி ஸ்வாப்: கையெழுத்துக்கு முன் சிறுதொழில்காரர் கோட்டைவிடும் இடங்கள்

பிரிட்டனில் 2008-க்கு முந்தைய ஆண்டுகளில் சின்ன ஓட்டல், பப், முதியோர் இல்லம் நடத்தியவர்கள் பலர் வங்கிக் கடனோடு ஒரு ஸ்வாப்பையும் வாங்கினார்கள், அதாவது மாறும் வட்டிக்குப் பதில் நிலையான வட்டி கட்டுவதற்கான ஒரு தனி ஒப்பந்தம். கடனுக்கு மாறும் வட்டி. அது ஏறினால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் ஸ்வாப் வந்தது. பின்னால் அதுவே தலைவலியானது.

ஒரு ஓட்டலை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. கடன் 10 லட்சம் பவுண்டு. வட்டி, இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டியோடு 1.5%. ஸ்வாப்பில் ஓட்டல்காரர் வங்கிக்கு 5.5% கொடுப்பார், வங்கி அவருக்கு அடிப்படை வட்டியைக் கொடுக்கும். அசல் கைமாறாது, வித்தியாசம் மட்டும்தான்.

2007 ஜூலையில் அடிப்படை வட்டி 5.75%. அந்த வீதத்தில் கடன் வட்டி வருடத்துக்கு 72,500, ஸ்வாப்பில் வரவு 2,500, ஆக நிகரச் செலவு 70,000. 2009 மார்ச்சில் அது 0.5%-க்கு விழுந்தது. இப்போது கடன் வட்டி வெறும் 20,000. ஆனால் ஸ்வாப்புக்கு 50,000 கட்ட வேண்டும். மொத்தம் அதே 70,000. அதாவது ஸ்வாப் சொன்னதைச் செய்தது. பக்கத்து ஓட்டல்காரர் 20,000-தான் கட்டுகிறார் என்ற வயிற்றெரிச்சல் நியாயமானதுதான், ஆனால் அது ஸ்வாப்பின் குற்றமல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் தவறு, கடனும் ஸ்வாப்பும் ஒன்றே என்று நினைப்பது. இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள். நீங்கள் பூட்டியது அடிப்படை வட்டியை மட்டுமே. கடனைப் புதுப்பிக்கும்போது வங்கி தன் 1.5%-ஐ 3% ஆக்கினால், உங்கள் "நிலையான" 7% அன்றைக்கே 8.5% ஆகிவிடும். ஸ்வாப் இதைத் தடுக்காது. கடன் எந்த வட்டியைப் பார்த்து நகர்கிறதோ, ஸ்வாப்பும் அதையே பார்க்க வேண்டும். ஒன்று, வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டியாக அன்று இருந்த லைபாரையும், மற்றொன்று அடிப்படை வட்டியையும் பின்பற்றினால் என்ன ஆகும் என்பது 2008 இறுதியில் தெரிந்தது. லைபார் அடிப்படை வட்டியைவிட வெகுவாக உயர்ந்து நின்றது. அந்த இடைவெளிக்குக் காப்பே இல்லை.

அடுத்தது, அளவு பொருந்தாமல் தைத்த சட்டை. கடனை வருடம் 50,000 வீதம் அடைக்கிறீர்கள், ஸ்வாப்போ 10 லட்சத்திலேயே நிற்கிறது என்று வையுங்கள். நான்கு வருடத்தில் கடன் 8 லட்சம். மீதி 2 லட்சத்துக்குப் பின்னால் கடனே கிடையாது. ஆனாலும் 0.5% காலத்தில் அதற்கு வருடம் 10,000 தண்டம். 5 வருடக் கடனுக்கு 10 வருட ஸ்வாப் எடுப்பதும் இதே கதைதான், ஆறாம் வருடத்திலிருந்து அது காப்பல்ல, வட்டி ஏறும் என்ற பந்தயம்.

ஆளைச் சாய்த்தது மூன்றாவது தவறு: வெளியேறும் செலவைக் கேட்காதது. ஓட்டலை விற்றுக் கடனை அடைக்கப் போகிறீர்கள், ஸ்வாப்பில் இன்னும் 7 வருடம் பாக்கி. அன்றைய சந்தையில் 7 வருட ஸ்வாப் 3%-க்குக் கிடைக்கிறது என்றால், உங்கள் 5.5%-க்கும் அதற்கும் உள்ள 2.5%, வருடம் 25,000, ஏழு வருடத்துக்கும் வங்கிக்குச் சேர வேண்டும். மொத்தம் 1,75,000. முன்கூட்டியே கட்டுவதால் கழிவு போக, சுமார் 1,56,000. கடனில் ஆறில் ஒரு பங்குக்கு நெருக்கம்! வட்டி ஏறியிருந்தால் இதே கணக்கு திரும்பி, வங்கி உங்களுக்குத் தரும். ஆனால் இதில் எந்தப் பக்கத்தையும் வாங்கியவர்கள் பலருக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை.

2013 ஜனவரியில் பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு, மாதிரியாக எடுத்த 173 விற்பனைகளில் 90 சதவீதத்துக்கு மேல் விதிமீறல் இருந்ததாகச் சொன்னது. வெளியேறும் செலவைச் சரியாகச் சொல்லாதது, கடனுக்குப் பொருந்தாத தொகையும் காலமும், இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. வங்கிகள் கொடுத்த இழப்பீடு சுமார் 220 கோடி பவுண்டு.

சரி, கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது? மூன்றாம் வருடம் வெளியேறினால், வட்டி 1, 2, 3 சதவீதம் விழுந்திருக்கும்போது எவ்வளவு கட்ட வேண்டும் என்று பவுண்டில் எழுதி வாங்குங்கள். நீங்களே சரிபார்க்கலாம்: ஸ்வாப் தொகை, மீதி வருடம், விழுந்த சதவீதம், மூன்றையும் பெருக்குங்கள். 10 லட்சம், 7 வருடம், 1% என்றால் 70,000. உண்மைத் தொகை இதைவிடக் கொஞ்சம் குறையும். வங்கி தரும் எண் இதற்குப் பக்கத்திலேயே இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்று வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் மூன்று வருட ஸ்வாப் போதும். அல்லது, வட்டிக்கு உச்சவரம்பு மட்டும் வைக்கும் 'கேப்' வாங்கலாம். அதற்குக் கட்டணம் முன்கூட்டியே போகும், கைக்கு வலிக்கும். ஆனால் பிறகு வட்டி எவ்வளவு விழுந்தாலும் அதற்கு மேல் ஒரு பவுண்டுகூடப் போகாது.