விடிகாலையில் இல்லாத அமாவாசை: திதி இரண்டு நாளில் விழும்போது நடக்கும் தவறுகள்

2022 தை அமாவாசைக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சின்ன சண்டை. காலண்டர் தாளில் ஜனவரி 31 திங்கட்கிழமையிலும் அமாவாசை இருந்தது, மறுநாள் செவ்வாய்க்கிழமையிலும் இருந்தது. "சூரியன் உதிக்கும்போது எந்தத் திதியோ அதுதான் அன்றைய திதி. அதனால் செவ்வாய்க்கிழமைதான் தர்ப்பணத்துக்குச் சேதுக்கரைக்குப் போகணும்" என்று மாமா அடித்துச் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தவறு. இந்த விஷயத்தில் பெரும்பாலான குழப்பம் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் கிளம்புகிறது.

சூரியனைவிட்டு நிலா 12 பாகை விலக ஆகும் நேரம்தான் ஒரு திதி. நிலா பூமிக்கு அருகில் இருந்தால் வேகமாக நகரும், திதி சுருங்கும். தொலைவில் இருந்தால் மெதுவாக நகரும், திதி நீளும். உதயம், நள்ளிரவு என்று அது எதற்கும் காத்திருப்பதில்லை. 2022 தை அமாவாசை திருக்கணிதப் பஞ்சாங்கப்படி திங்கள் பிற்பகல் 2.18-க்குப் பிறந்து செவ்வாய் முற்பகல் 11.15-க்கு முடிந்தது. 21 மணி நேரம்கூட இல்லை.

உதயத் திதி பொதுவான வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு விரதத்துக்கும் அதற்கென்று ஒரு வேளை உண்டு. அந்த வேளையில் திதி எந்த நாளில் நிற்கிறதோ அதுவே அதற்கான நாள். மகா சிவராத்திரிக்கு நள்ளிரவு, பிரதோஷத்துக்கு அந்தி, சங்கடஹர சதுர்த்திக்கு நிலா உதயம். முன்னோருக்கான தர்ப்பணத்துக்கு அபராண்ணம்.

அபராண்ணம் என்றால் ஏதோ மதியத்துக்குப் பிறகு என்று மேலோட்டமாக விட்டுவிடக் கூடாது. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு அது. ஜனவரி கடைசியில் நம் ராமநாதபுரம் கரையில் உதயம் ஏறக்குறைய 6.37, அஸ்தமனம் 6.20. பகல் 11 மணி 43 நிமிடம். ஒரு பங்கு ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். மூன்று பங்கு கழித்தால் அபராண்ணம் பிற்பகல் 1.38-க்குத் தொடங்கி 4 மணி அளவில் முடியும்.

இப்போது இரண்டு நாளையும் வைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை 2.18 முதல் அபராண்ணம் முடியும்வரை அமாவாசை. செவ்வாய்க்கிழமை அபராண்ணம் தொடங்கும்போது அது முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே தை அமாவாசை திங்கட்கிழமை. வடக்கே மௌனி அமாவாசைக்கு உதய நீராடல் முக்கியம் என்பதால் அங்கே செவ்வாய்க்கிழமை. இரண்டுமே சரி, வேளைதான் வேறு.

இங்கே இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. நாள் சரியாக இருந்தும், விடிகாலை நாலு மணிக்கே தேவிபட்டினத்திலோ அக்னி தீர்த்தத்திலோ முழுகி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுத் திரும்புகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அன்று திங்கட்கிழமை விடியலில் இருந்தது சதுர்த்தசி! கூட்டத்துக்குப் பயந்து முந்திக்கொள்வது புரிகிறது. ஆனால் இப்படிப் பிற்பகலில் திதி பிறக்கும் வருடத்தில் வீட்டு வாத்தியாரிடம் நேரத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது. நாளை மட்டும் கேட்டால் நாளைத்தான் சொல்வார்.

ஒரு பண்டிகையில் கற்ற கணக்கை அப்படியே இன்னொன்றுக்குப் போடுவது அடுத்த பிழை. 2024 தீபாவளியில் இது நடந்தது. அக்டோபர் 31 பிற்பகல் 3.52 வரை சதுர்த்தசி, அதன் பிறகு நவம்பர் 1 மாலை 6.16 வரை அமாவாசை. இந்த முறை திதி 26 மணி நேரத்துக்கு மேல் நீண்டுவிட்டது. நம் தீபாவளிக்கு வேண்டியது விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சதுர்த்தசி. அது 31-ஆம் தேதி. தாளில் அமாவாசையும் அச்சாகியிருந்ததால் சிலர் அன்றைக்கே தர்ப்பணத்தையும் முடித்துவிட்டார்கள். அந்த நாளில் நம் கரையில் அபராண்ணம் 3.28 அளவில் முடிந்துவிடும். அமாவாசை பிறந்தது அதற்கு 24 நிமிடம் கழித்து. மறுநாள் அபராண்ணம் முழுக்க அமாவாசை. தர்ப்பணம் நவம்பர் 1.

மேலே சொன்னதெல்லாம் திருக்கணித நேரம். வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி முடிவு சில மணி நேரம்கூட விலகும். எல்லையோரத்தில் நிற்கும் வருடத்தில் அதுவே நாளை மாற்றிவிடும். வீட்டில் வாக்கியம் என்றால் எல்லாவற்றுக்கும் வாக்கியம். கைப்பேசியில் திதி நேரம் பார்த்து, வாக்கியத்தில் பண்டிகை நாள் பார்த்து இரண்டையும் ஒட்டுவதுதான் ஆகாது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் பழைய முறையில் 'அமாவாசை 11-35' என்று போட்டிருந்தால் 11 மணி 35 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள். அது உதயத்திலிருந்து 11 நாழிகை 35 விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம், நாழிகைக்கு 60 விநாடி, உதயம் 6.37 என்றால் அது முற்பகல் 11.15.

மாமா கடைசியில் திங்கட்கிழமையே வந்தார், மூன்று மணி வெயிலில் முணுமுணுத்துக்கொண்டே.