கிராம், சென்டிமீட்டர், கி.மீ/மணி ஒரே கணக்கில் வந்தால்: பிரதியிடும் முன் அலகுகளை மாற்றும் முறை

இயற்பியல் கணக்கில் சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறிப்போவதற்குப் பெரும்பாலும் அலகுகளே காரணம். பின்வரும் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

160 கிராம் நிறையுள்ள கிரிக்கெட் பந்து ஒன்று மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதைப் பிடிக்கும் வீரர் தம் கைகளை 30 சென்டிமீட்டர் பின்னோக்கி இழுத்துப் பந்தை நிறுத்துகிறார். பந்தின் மீது கைகள் செலுத்தும் சராசரி விசை எத்தனை நியூட்டன்?

படி 1: விடையின் அலகைப் பாருங்கள்

விடை நியூட்டனில் கேட்கப்பட்டுள்ளது. 1 கிலோகிராம் நிறைக்கு 1 மீ/வி² முடுக்கத்தைத் தரும் விசையே 1 நியூட்டன். அந்த வரையறைக்குள்ளேயே கிலோகிராம், மீட்டர், வினாடி ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதால், நாம் பிரதியிடும் ஒவ்வொரு எண்ணும் அந்த மூன்று அலகுகளில்தான் இருக்க வேண்டும்.

படி 2: தரவுகளை மாற்றி எழுதுங்கள்

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே, தாளின் ஓரத்தில் அல்லாமல் விடையின் பகுதியாகவே, தரவுகளை இவ்வாறு எழுதிக்கொள்ள வேண்டும்.

```
m = 160 g = 160 ÷ 1000 = 0.16 kg
s = 30 cm = 30 ÷ 100 = 0.30 m
v = 108 km/h = 108 × 5/18 = 30 m/s
```

முதல் இரண்டும் எளியவை. மூன்றாவதில்தான் பலர் 5/18-ஆ, 18/5-ஆ என்று தடுமாறுகிறார்கள். அதை மனப்பாடம் செய்வதைவிட வருவித்துக்கொள்வது நல்லது. 1 கிலோமீட்டர் என்பது 1000 மீட்டர், 1 மணி என்பது 3600 வினாடி. எனவே 1 கி.மீ/மணி என்பது 1000/3600 மீ/வி, அதாவது 5/18 மீ/வி. கிலோமீட்டரை மீட்டராக்கும்போது எண் 1000 மடங்கு பெருகினாலும், மணியை வினாடியாக்கும்போது 3600 மடங்கு குறைகிறது என்பதால், கி.மீ/மணியிலிருந்து மீ/விக்கு மாற்றும்போது எண் சிறிதாகவே வர வேண்டும். தவறுதலாக 18/5 ஆல் பெருக்கினால் 388.8 மீ/வி கிடைக்கும். அது காற்றில் ஒலியின் வேகமான சுமார் 340 மீ/வி-ஐயும் மிஞ்சுகிறது. எந்தப் பந்துவீச்சாளராலும் அப்படி வீச முடியாது என்பதால், தவறு அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

படி 3: இப்போது பிரதியிடுங்கள்

பந்தின் இயக்க ஆற்றல் முழுவதையும் கைகள் செய்யும் வேலை நீக்குகிறது. ஆகவே,

```
F × s = ½ m v²
½ × 0.16 × 30² = 72 J
F = 72 ÷ 0.30 = 240 N
```

240 நியூட்டன் என்பது ஏறக்குறைய 24 கிலோகிராம் மூட்டையைத் தாங்கும்போது கைகள் தரும் விசை. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கையில் கை எரிவதை நினைத்தால், இவ்விடை பொருத்தமாகவே இருக்கிறது. அலகுகளை மாற்றாமல் 160, 108, 30 என்று அப்படியே பிரதியிட்டிருந்தால் 31,104 என்ற எண் வந்திருக்கும். அதற்குப் பின்னால் நியூட்டன் என்று எழுதினால், மூன்று டன்னுக்கும் மேற்பட்ட எடையைக் கைகள் தாங்கியதாகப் பொருளாகிவிடும்.

வர்க்கம் வரும் இடங்களில் கூடுதல் கவனம்

இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். சிலர் 108-ஐ முதலில் வர்க்கப்படுத்தி 11,664 என்று எழுதிவிட்டு, அதன் பிறகு 5/18 ஆல் பெருக்குகிறார்கள். அப்போது 3240 வருகிறது. வர வேண்டியதோ 900. வேகத்தின் எண்ணோடு அதன் அலகும் வர்க்கமாகிறது என்பதால், 5/18-உம் வர்க்கமாக வேண்டும். மாற்றத்தை எப்போதும் வர்க்கத்திற்கு முன்பே முடித்துவிட்டால் இந்தக் குழப்பத்திற்கே இடமில்லை.

பரப்பளவிலும் இதே நிலைதான். பந்து உள்ளங்கையில் 20 செ.மீ² பரப்பில் அழுந்துகிறது, சராசரி அழுத்தம் என்ன என்று அடுத்த கேள்வி வந்தால், 20-ஐ 100 ஆல் வகுக்கக் கூடாது. 1 மீ² என்பது 100 × 100 = 10,000 செ.மீ². எனவே பரப்பு 0.002 மீ², அழுத்தம் 240 ÷ 0.002 = 1,20,000 பாஸ்கல்.

மாற்றத் தேவையில்லாத இடம்

ஒரே அலகு பகுதியிலும் தொகுதியிலும் வந்து நீங்கிவிடுமானால் மாற்றம் வேண்டியதில்லை. 36 செ.மீ/வி வேகத்தில் செல்லும் 200 கிராம் தள்ளுவண்டி, நின்றுகொண்டிருக்கும் 100 கிராம் வண்டியில் மோதி ஒட்டிக்கொண்டால், பொது வேகம் 200 × 36 ÷ 300 = 24 செ.மீ/வி, கிராமும் கிராமும் நீங்கிவிட்டன. ஆனால் அதே கணக்கின் அடுத்த பிரிவு இழந்த ஆற்றலை ஜூலில் கேட்டால், நிறைகளைக் கிலோகிராமுக்கும் வேகங்களை மீ/விக்கும் மாற்றிய பிறகே தொடர வேண்டும்.