சின்னச் சோதனைக்கு மாறுகிறோம் என்று பெற்றோருக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

வருடக் கடைசியில் ஒரே பெரிய சோதனை என்பதை விட்டு, வாரம் ஒரு சின்னச் சோதனைக்கு மாறும் பாடசாலைகள் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களை அனுப்புமுன் என்னிடம் காட்டுவதுண்டு. மட்டக்களப்பு நகரமானாலும் சரி, படுவான்கரையானாலும் சரி, ஒரே பிழைகள்தான் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழையையும் விடுபட்ட திகதியையும் எழுதுவினைஞரே திருத்திவிடுவார், அவற்றை விடுவோம்.

"மன அழுத்தத்தைக் குறைக்க" என்று காரணம் சொல்வது

இதைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். அனேகமாக எல்லாக் கடிதத்திலும் இரண்டாவது வரியில் இது நிற்கும். வாசிக்கிற தாய்க்கு அது "படிப்பைக் குறைக்கிறார்கள்" என்றுதான் கேட்கும். சாதாரண தரப் பரீட்சை அப்படியே இருக்கிறது, அதை எந்த அதிபராலும் மாற்ற முடியாது என்பது அவவுக்குத் தெரியும்.

ஒரு பாடசாலையில் தரம் 8 பெற்றோருக்கு இந்த வரியோடு கடிதம் போனது. கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார்: "சேர், நீளமான பேப்பர் எழுதிப் பழகாத பிள்ளை ஓ.எல்.லில் என்ன செய்யும்?" நியாயமான கேள்வி. கடிதத்தில் பதில் இல்லை, மேடையிலும் இல்லை. கொஞ்ச நாளில் பக்கத்து ரியூசன் வகுப்பு காசு வாங்கிக்கொண்டு பெரிய சோதனை வைக்கத் தொடங்கியது. பிள்ளைகள் இரண்டையும் எழுதினார்கள். குறைந்த அழுத்தம் எங்கே?

வாராவாரம் சோதனை என்றாலே பயப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் காரணம் நிச்சயமானதும் அல்ல. உண்மையான காரணம் ஞாபகம். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சிறு பந்திகளை வாசிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்ததை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள்: 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களிடம் மிஞ்சியது 42, நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 56. சோதனைக்கு முதல் நாள் இரவு கொப்பியைப் புரட்டுகிற பிள்ளை காலையில் நன்றாக எழுதுவதும், அடுத்த தவணையில் அதையே மறந்து நிற்பதும் இதனால்தான்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஐந்து கேள்விக்குப் பதில் எழுதி நீளமான விடை எழுதப் பழக முடியாது. அந்தத் தகப்பனுக்கான பதிலைக் கடிதத்திலேயே வைக்க வேண்டும். நான் திருத்திக் கொடுத்த பந்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"திங்கட்கிழமைகளில் கணிதப் பாடம் தொடங்கும்போது 10 நிமிடம் சோதனை நடக்கும். 5 கேள்விகள், கொப்பி மூடியிருக்கும். மூன்று கேள்வி போன வாரப் பாடத்திலிருந்தும், ஒன்று போன மாதத்திலிருந்தும், ஒன்று போன தவணையிலிருந்தும் வரும். உதாரணமாக, சதவீதம் படிக்கும் வாரத்தில் பின்னமும் கோணமும் வரலாம். முடிந்தவுடன் விடை சொல்லப்படும், பிள்ளையே திருத்திக்கொள்வார். நீளமாக எழுதிப் பழகுவதற்குத் தவணைக்கு ஒரு முறை ஒரு மணித்தியால வினாத்தாள் இருக்கும்."

பழைய பாடத்திலிருந்து கேள்வி வரும் என்பதை எழுதாமல் விட்டால், "முடிந்த பாடத்தை ஏன் கேட்கிறார்கள்?" என்ற முறைப்பாடு முதல் வாரமே வரும். முழு மாற்றமும் அந்த இரண்டு கேள்வியில்தான் இருக்கிறது.

புள்ளி எங்கே போகும் என்று சொல்லாதது

பிள்ளை 5க்கு 2 கொண்டு வந்தால் வீட்டில் அடி விழும். சின்னச் சோதனைப் புள்ளி தேர்ச்சி அறிக்கையில் வராது, ஒரு மணித்தியால வினாத்தாளின் புள்ளி மட்டுமே வரும் என்று தெளிவாக எழுதுங்கள். எங்கே மறந்திருக்கிறார் என்பதைக் காட்டத்தான் அந்த 2. அறிக்கையில் சேர்த்தால் பிள்ளைகள் பார்த்தெழுதுவார்கள், ஆசிரியர்களும் இலேசான கேள்வி போடத் தொடங்குவார்கள். வாராவாரம் வகுப்பு முழுக்க 5க்கு 5 என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாரி மழையை மறப்பது

நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்தால் சில ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக்கு வரப் பாதை இருக்காது. ஒரே பெரிய சோதனை அந்த நாட்களில் விழுந்தால் வருடம் முழுக்கப் படித்ததற்குக் கணக்கே இல்லை. இதையும் ஒரு காரணமாக எழுதலாம், இங்குள்ள பெற்றோருக்கு விளக்கவே தேவையில்லை. தவறவிட்ட சின்னச் சோதனையைத் திரும்ப எழுதத் தேவையில்லை என்றும் சேருங்கள்.

"உருவாக்கக் கணிப்பீடு"

படிக்கும்போதே எங்கே பிழைக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு ஆசிரியர்கள் சொல்லும் பெயர் இது. கடிதத்தை அம்மம்மாதான் வாசிக்கப் போகிறா. வெட்டிவிடுங்கள்.

இரண்டாம் பக்கம்

வேண்டாம். தாய் குவைத்தில் என்றால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், முதல் பக்கம்தான் போய்ச் சேரும்.