வலி போனபின்னும் நழுவிய கணுக்கால்: சுவரில் தெரிந்த 4 செ.மீ.

பந்தோடு திரும்பும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. நாலடி நடக்க முடிந்தது, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பு மொட்டுகளின் பின்விளிம்பை அழுத்தினாலும் வலியில்லை. இதில் ஒன்று தவறியிருந்தாலும் எக்ஸ்ரேதான் முதல் வேலை. கிரேப் பேண்டேஜை விரல்களிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலை உயர்த்தி வைத்தேன். எண்ணெய் போட்டு நீவவில்லை. முதல் சில நாள் நீவினால் வீக்கம் கூடும்.

மூன்றாம் வாரம் வலி போயிற்று. ஆனால் ஓடிச் சட்டென்று நின்றால் கணுக்காலின் முன்பக்கம் இடித்தது, திரும்பினால் நழுவியது. கெண்டைக்கால் நீட்டல், இறுக்கமான காலுறை இரண்டும் பலிக்கவில்லை.

கடைசியில் சுவர்ச் சோதனை செய்தேன். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடைவெளி இடதுகாலில் 10 செ.மீ., வலதில் 6. மூட்டே மடங்கவில்லை!

தடித்த ரப்பர் பட்டையைப் பின்னால் அசையாத ஒன்றில் கட்டி, கணுக்கால் முன்பக்கத்தில் மாட்டி, முழங்காலை முன்தள்ளினேன்: 10 முறை, 3 சுற்று, தினம் இருவேளை. பட்டை மொட்டுகளுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் கால் எலும்பைப் பின்னிழுத்து இடிப்பைக் கூட்டும். முதல் இரண்டு நாள் என் தவறு அதுதான்.

இரண்டு வாரத்தில் 9 செ.மீ. பிறகு ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்றல், 25 முறை குதிகால் உயர்த்தல். ஒற்றைக்கால் தாவலில் மறுகாலின் தூரத்தில் 90 சதவீதமாவது எட்டி, பந்தோடு முழுவேகத்தில் வளைந்தோடிய மறுநாள் வீக்கமில்லை என்றபின்தான் ஆட்டத்தில் இறங்கினேன், பிரேஸ் அணிந்து.