பின்னால் பீரோ தெரியும் போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணி போடுவது எப்படி, எங்கே அதைச் செய்யவே கூடாது

சித்தி பையன் கல்லூரியில் சேர்ந்த வாரம், அடையாள அட்டைக்கு வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றை அன்று மாலைக்குள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அவனிடம் இருந்த ஒரே நல்ல படம் வீட்டு ஹாலில் எடுத்தது. பின்னால் பச்சை பீரோ, அதன் மேல் இரண்டு சூட்கேஸ், தோளுக்குப் பக்கத்தில் தினசரி காலண்டர். முகம் நேராக இருந்தது, வெளிச்சமும் சீராக விழுந்திருந்தது, அதனால் பின்னணியை மட்டும் மாற்றிவிடலாம் என்று கணினி முன்னால் உட்கார்ந்தோம்.

உட்காரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தப் படம் எங்கே போகிறது? கல்லூரி அட்டை, அலுவலக அட்டை, நூலக உறுப்பினர் அட்டை என்றால் தொடரலாம். பாஸ்போர்ட், விசா என்றால் செய்முறையை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

படி 1: முதலில் வெட்டுங்கள்

நான் பயன்படுத்தியது கிம்ப், இலவச மென்பொருள். போன் படம் பெரிதாக இருக்கும், அதை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்தால் கணினி திணறும். வெட்டும் கருவியில் Fixed என்பதை டிக் செய்து, Aspect ratio 35:45 என்று கொடுத்து, தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, தோள்கள் தெரியும்படி வெட்டுங்கள். அளவை இப்போதே சிறிதாக்க வேண்டாம், அது கடைசி வேலை.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுப்பது

Layer > Transparency > Add Alpha Channel கொடுத்துவிட்டு, Foreground Select கருவியை எடுங்கள். தலை, காது, தோள் எல்லாவற்றையும் சுற்றித் தாராளமாக ஒரு கோடு வரைந்து Enter அழுத்துங்கள். கோட்டுக்கு வெளியே படம் நீலமாக மாறும். இப்போது முகம், முடி, சட்டை ஆகியவற்றின் மேல் தூரிகையால் தீட்டுங்கள். முடியின் ஓரத்தைத் தொடாதீர்கள், அதைக் கணித்துக்கொள்வது கருவியின் வேலை. Preview mask டிக் செய்து பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை இடது காதின் மேல் பாதி காணாமல் போயிருந்தது, காதுக்குப் பின்னால் இருந்த சூட்கேஸின் பழுப்பும் காதின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததுதான் காரணம். காதின் மேல் இன்னும் ஒரு தீட்டு தீட்டியதும் சரியானது. ஒரே சொடுக்கில் பின்னணியை நீக்கும் செயலிகளிலும் இப்படிக் காது கரைவது சகஜம், அங்கேயும் முதலில் காதைப் பாருங்கள். திருப்தியானால் Select அழுத்துங்கள்.

படி 3: அழிக்காதீர்கள், மறையுங்கள்

பலரும் இந்த இடத்தில் பின்னணியை Delete செய்துவிடுவார்கள். அப்புறம் காது பாதி போயிருப்பது தெரிந்தால் திரும்பக் கொண்டுவருவது தலைவலி. அதற்குப் பதில் Select > Shrink கொடுத்து 1 பிக்சல், பிறகு Select > Feather கொடுத்து 2 பிக்சல் வையுங்கள். பீரோவின் பச்சை கழுத்தோரத்தில் மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதைச் சீவுவது முதலாவது. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல் தெரியாமல் ஓரத்தை மென்மையாக்குவது இரண்டாவது. பிறகு Layer > Mask > Add Layer Mask போய் Selection என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னணி மறையும், ஆனால் அழியாது. உடனே Select > None கொடுத்துத் தேர்வை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் இனித் தீட்டுவதும் நிரப்புவதும் தேர்வுக்குள் மட்டுமே விழும். இந்த மாஸ்க்கின் மேல் வெள்ளையால் தீட்டினால் மறைந்தது திரும்பி வரும், கறுப்பால் தீட்டினால் மறையும். தவறு நேர்ந்தால் சரிசெய்ய இதுவே போதும்.

படி 4: வெள்ளைக்கு முன் ரோஸ்

Layer > New Layer மூலம் புதிய அடுக்கு ஒன்றைச் சேர்த்து, அதை ஆளின் அடுக்குக்குக் கீழே இழுத்துவிடுங்கள். உடனே வெள்ளை நிரப்பாமல் பளிச்சென்ற ரோஸ் நிறத்தை நிரப்பிப் பாருங்கள். காலண்டர் தாளின் வெள்ளைத் துணுக்கு தோளில் ஒட்டியிருந்தது வெள்ளையில் தெரியவே தெரியாது, ரோஸில் கண்ணைக் குத்தியது. 200 சதவீதம் பெரிதாக்கி, ஒரு காதில் தொடங்கி தலையைச் சுற்றி மறு காது வரை வாருங்கள். ஆளின் அடுக்கிலுள்ள மாஸ்க்கைச் சொடுக்கி, மிச்சம் மீதியை மென்மையான கறுப்புத் தூரிகையால் மறைத்துவிட்டு, அதன் பிறகு கீழ் அடுக்கை வெள்ளையாக்குங்கள். வெள்ளைச் சட்டை என்றால் தோள் பின்னணியில் கரைந்து தலை மட்டும் மிதக்கும். அதற்கு மென்பொருளில் நல்ல மருந்து இல்லை, அடர்நிறச் சட்டை போட்டு மறுபடி எடுப்பதே வழி.

படி 5: அளவு

Image > Flatten Image, பிறகு Image > Scale Image. 3.5 × 4.5 செ.மீ. படத்தை 300 டிபிஐயில் அச்சிட 413 × 531 பிக்சல் வேண்டும். File > Export As மூலம் .jpg ஆகச் சேமிக்கும்போது Quality 90 வைத்தால் போதும். கோப்பின் அளவு கூடினால் அதையே குறைத்துக்கொள்ளலாம்.

இனி, செய்யக் கூடாத இடங்கள்

படம் நன்றாக வந்ததைப் பார்த்த சித்தி, அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கப்போகும் அவன் அக்காவுக்கும் இதையே செய்து தரச் சொன்னார். முடியாது என்றேன். "அதுக்கும் வெள்ளை பின்னணிதானே கேக்குறாங்க?" என்றார். வெள்ளைதான் கேட்கிறார்கள், ஆனால் கேமராவுக்கு முன்னால் இருந்த வெள்ளையை. மென்பொருள், செயலி, ஃபில்டர் எதைக் கொண்டும் படத்தை மாற்றக் கூடாது என்பது அமெரிக்க விதி. பிரிட்டனும் கனடாவும்கூடத் திருத்திய படத்தை ஏற்பதில்லை. நாம் முடியோரத்தில் சீவிய அந்த ஒரு பிக்சல்கூட அவர்கள் கணக்கில் திருத்தம்தான். இரண்டு பேர் முகங்களைக் கலந்து ஒரே படமாக்கி, ஒரு பாஸ்போர்ட்டை இருவர் பயன்படுத்தும் மோசடி இருப்பதால்தான் இவ்வளவு கறார். ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், 2025 மே முதல் பாஸ்போர்ட்டுக்கு நாம் கையில் கொண்டுபோகும் அச்சுப் படத்தையே நிறுத்திவிட்டது. அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும், அல்லது அனுமதி பெற்ற ஸ்டூடியோ நேரடியாக இணையத்தில் அனுப்ப வேண்டும்.

பின்னணியைத் தாண்டி வழக்கமாக நிராகரிக்கப்படுபவை: முகத்திலோ பின்னாலோ விழும் நிழல், போனின் பியூட்டி மோட், பல் தெரியும் சிரிப்பு, கண்ணை மறைக்கும் முடி. அமெரிக்காவுக்கு 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியும் கூடாது. பிரிட்டனுக்கு அச்சுப் படம் என்றால் பின்னணி வெள்ளையல்ல, வெளிர் சாம்பல் அல்லது கிரீம். எனவே ஒரு நாட்டுக்கு எடுத்ததை இன்னொன்றுக்கு அப்படியே அனுப்பாதீர்கள். இந்தியாவுக்குள் பாஸ்போர்ட் எடுக்கும் பெரியவர்களுக்குப் படத்தைச் சேவா கேந்திராவிலேயே எடுத்துவிடுவார்கள். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் வெள்ளைப் பின்னணிப் படம் கொண்டுபோக வேண்டும்.

அக்காவுக்கு என்ன செய்தோம்? இஸ்திரி போட்ட வெள்ளைப் படுக்கைவிரிப்பைச் சுவரில் கட்டினோம். சுருக்கம் இருந்தால் நிழல் கோடுகளாக விழும், அதனால் இஸ்திரியைத் தவிர்க்க முடியாது. அவளை விரிப்பிலிருந்து மூன்றடி முன்னால், ஜன்னலைப் பார்த்து நிற்க வைத்தோம். செல்ஃபி வேண்டாம், கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகும். நான் ஐந்தடி தள்ளி நின்று, போனை அவள் கண் உயரத்தில் பிடித்து, போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டு எடுத்தேன். ஏழாவது படத்தில்தான் கண் இரண்டும் சரியாகத் திறந்திருந்தன. அதைச் சதுரமாக வெட்டி, 600 × 600 பிக்சலுக்கு மாற்றி, 240 கேபிக்குள் அடக்கினோம். வெட்டுவதும் அளவு மாற்றுவதும் மட்டும் அங்கே அனுமதி.