வளர்ச்சிக்கு மதிப்பெண் போட இரண்டு நிறப் பேனா போதும்

வேலூரில் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறேன். பருவம் முழுக்க எழுதிய வரைவுகள் எல்லாம் தேதியோடு ஒரே கோப்பில் இருக்கும். 50 மதிப்பெண்ணில் 25 கடைசிப் பிரதிக்கு, 25 வளர்ச்சிக்கு.

வளர்ச்சியை எப்படி அளப்பது? முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் சுழித்துக் காட்டி மாணவர் திருத்திய இடங்களில் பச்சைக் கோடு. யாரும் சொல்லாமல் அவரே மாற்றிய இடங்களில் நீலக் கோடு. நீலத்துக்கு மட்டும்தான் வளர்ச்சி மதிப்பெண். பச்சை என்பது சொன்னதைச் செய்தது, அவ்வளவே.

குடியாத்தம் பையன் ஒருவன் முதலில், "பாலாறு நம் உயிர்நாடி, அதைக் காப்போம்" என்று எழுதியிருந்தான். நான் சுழித்தது ஒற்றுப்பிழைகளை மட்டும். மூன்றாவது வரைவில் அந்த வரியே இல்லை. ஆற்று மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடம் நிரப்பிய பாட்டி வந்திருந்தார். ஒற்றுப்பிழை இன்னும் நாலைந்து இருந்தன. ஆனாலும் வளர்ச்சிக்கு 21 போட்டேன். கடைசிப் பிரதிக்கு 14தான்.

சிலர் வேண்டுமென்றே முதல் வரைவைச் சொதப்புவார்கள். அதனால் அதை வகுப்பிலேயே, 40 நிமிடத்தில், கையால் எழுத வையுங்கள். ஏற்கெனவே நன்றாக எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு அநியாயமாகிவிடும். அவருக்குப் பருவத் தொடக்கத்திலேயே, உரையாடல் எழுதுவதுபோல், பழகாத ஒன்றைக் குறித்துக் கொடுத்து அதில் மட்டும் நீலக் கோடு தேடுங்கள்.